பொருட்படப் பின்னணித் தொகுப்பு

அலமாரித் தட்டு, எழுதுமேசை, சமையல் மேடை போன்ற பொருளில்லாக் காட்சிகளைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் உருவாக்கி, தேறியவற்றை மட்டும் சேமித்து, விற்பனைப் பொருட்கள் பலவற்றுக்கும் பின்னணியாக வைக்கும் படத்தொகுதியே பொருட்படப் பின்னணித் தொகுப்பு எனப்படும். பொருளையும் மென்பொருளே வரைந்தால் லேபிள் எழுத்துகள் சிதையக்கூடும் என்பதால், பொருளைப் புகைப்படமாக எடுத்து, அதன் பின்புலத்தை வெட்டி நீக்கி, காட்சியின் மேல் தனி அடுக்காக வைப்பதே வழக்கம். அமேசான் போன்ற தளங்கள் முதற்படத்துக்குத் தூய வெண்பின்னணியைக் கேட்பதால், இவ்வகைப் படங்கள் அதற்கு அடுத்த இடங்களிலேயே இடம்பெறுகின்றன.

தொகுப்பில் காட்சிகள் சிலவே இருந்தாலும் போதும். அவை அனைத்தும் பொருளைப் படமெடுக்கும் முறையோடு ஒத்துப்போவதே இன்றியமையாதது. ஆகவே கேமராவின் உயரமும் ஒளி வரும் பக்கமும் முதலில் முடிவு செய்யப்பட்டு, அவற்றுக்கேற்பவே காட்சிகள் உருவாக்கப்பட வேண்டும். இதில் முதன்மையானது தொடுவானக் கோடு, அதாவது கேமராவின் கண்மட்டம் படத்தில் விழும் கிடைக்கோடு. மேடையில் பின்னோக்கிச் செல்லும் ஓட்டு இணைப்புகளை நீட்டினால் அவை இக்கோட்டில் ஒரே புள்ளியில் கூட வேண்டும். வெவ்வேறு உயரங்களில் வெட்டிக்கொண்டால், பார்வைக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அக்காட்சியைக் கழித்துவிடுவதே நல்லது, ஏனெனில் அதன் மேல் வைக்கப்படும் எந்தப் பொருளும் சாய்ந்ததுபோலவே தெரியும்.

பொருளின் அளவையும் இக்கோடே தீர்மானிக்கிறது. மேடையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், சாய்க்காமல் நிறுத்திய கேமராவால் 25 செ.மீ. உயர ஊறுகாய்ப் புட்டி ஒன்று படமெடுக்கப்பட்டதாகக் கொள்வோம். காட்சியில் தொடுவானக் கோடு மேலிருந்து 500ஆம் பிக்சலிலும், புட்டியின் அடி நிற்கவேண்டிய இடம் 1700ஆம் பிக்சலிலும் இருந்தால், இடைப்பட்ட 1200 பிக்சல்கள் அந்த இடத்தில் 30 செ.மீ.க்குச் சமமாகும், எனவே புட்டியின் உயரம் 1000 பிக்சல்களாக அமைய வேண்டும். இதனால்தான் கோட்டின் இடத்தையும் ஒளியின் பக்கத்தையும் `kitchen_left_h500.png` என்பதுபோல் கோப்பின் பெயரிலேயே குறித்துவைப்பது பயன் தருகிறது. காட்சியை உருவாக்கிய சொற்குறிப்பையும், `seed` எனப்படும் தொடக்க எண்ணையும், மென்பொருளின் பதிப்பையும் உடன் சேமித்தால், பின்னர் அதே சாயலில் இன்னொன்றை உருவாக்குவது எளிதாகும்.

அளவு சரியாக இருந்தும் பொருள் மிதப்பதுபோல் தோன்றினால், அடிவிளிம்பில் நிழல் இல்லாததே பெரும்பாலும் காரணம். அடியை ஒட்டி மெல்லிய கருநிழலும், ஒளிக்கு எதிர்ப்பக்கத்தில் விலக விலக மங்கும் நீள்நிழலும் தனித்தனி அடுக்குகளாக வரையப்படுகின்றன. ஆயினும் பளபளப்பான எவர்சில்வர் பாத்திரமும் நிறமற்ற கண்ணாடிக் குவளையும் இம்முறைக்கு எளிதில் அடங்குவதில்லை. பாத்திரத்தின் மேல் படப்பிடிப்பு அறையின் வெள்ளைத் திரையே பிரதிபலித்து நிற்க, குவளையின் ஊடாகப் புதிய காட்சிக்குப் பதிலாகப் பழைய பின்புலமே தெரியும். அவற்றை உண்மையான மேடையில் வைத்துப் படமெடுப்பதே தக்கது.