பயிற்சி மையத்திலிருந்து பாதியில் விலகினால் மீதிக் கட்டணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி?

மைசூரு: போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தில் முழுக் கட்டணத்தையும் செலுத்திச் சேர்ந்த மாணவர் இடையில் விலக நேர்ந்தால், நடத்தப்படாத வகுப்புகளுக்கான தொகையைத் திரும்பக் கேட்கலாம். "செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்ற வரி சேர்க்கைப் படிவத்தில் இருப்பதாலேயே அந்தக் கோரிக்கை முடிந்துவிடுவதில்லை.

மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, முழுக் கட்டணம் செலுத்திய மாணவர் இடையில் விலகினால், மீதிக் காலத்துக்குரிய தொகையை விகித அடிப்படையில் 10 நாள்களுக்குள் மையம் திருப்பித் தர வேண்டும். மையத்தின் விடுதியில் தங்கியிருந்தால் விடுதி, உணவுக் கட்டணங்களுக்கும் இது பொருந்தும். ஆனால் இவை மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டிய நெறிமுறைகளே தவிர, நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. ஆகவே கடிதத்தில் இவற்றை மேற்கோள் காட்டலாம். மையம் மறுத்தால் துணை நிற்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான்.

கல்வி நிறுவனங்கள் அந்தச் சட்டத்துக்குள் வருமா என்ற கேள்வி நீண்ட காலமாக இருந்து வருகிறது. விநாயகா மிஷன் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் 2020 ஜனவரி 20 அன்று தேசிய நுகர்வோர் ஆணையம், கல்வி நிறுவனங்கள் வராது என்று கூறியபோதும், பயிற்சி மையங்கள் நுகர்வோர் ஆணையங்களின் வரம்புக்குள் வரும் என்று தெளிவுபடுத்தியது. அதற்கு முன்பே, 2003இல் கர்நாடக அரசு தொடர்பான இஸ்லாமிய கல்விக் கழக வழக்கில், தொழிற்கல்வி நிறுவனங்கள் ஒரு பருவம் அல்லது ஓராண்டுக் கட்டணத்துக்கு மேல் முன்கூட்டி வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது.

தொகையைக் கணக்கிடுவதில்தான் பெரும்பாலும் தகராறு எழுகிறது. எடுத்துக்காட்டாக, 10 மாதப் பயிற்சிக்குக் கட்டணம் ரூ.60,000, அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.10,800 எனக் கொள்வோம். மாணவர் மூன்று மாதம் முடிந்ததும் விலகினால் மீதி ஏழு மாதங்களுக்குரிய கட்டணம் ரூ.42,000; அதற்கான வரி ரூ.7,560, மொத்தம் ரூ.49,560. பதிவுக் கட்டணம், பெற்றுக்கொண்ட பாடநூல்களின் விலை ஆகியவை ரசீதில் தனியாகக் காட்டப்பட்டிருந்தால், மையம் அவற்றைக் கழிக்கக் கோரலாம். ரசீதில் இல்லாத "பாடநூல் செலவு" பின்னர் திடீரெனத் தோன்றினால் அதன் விவரத்தை எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

மூன்று மாதம் என்பது எந்த நாளில் முடிகிறது? கடைசியாக வகுப்புக்குச் சென்ற நாளை மாணவர் சொல்வார். விலகல் கடிதம் கிடைத்த நாளை மையம் சொல்லும். வகுப்புக்குச் செல்வதை நிறுத்திவிட்டு இரண்டு மாதம் கழித்துக் கடிதம் கொடுப்பவர், அந்த இரண்டு மாதக் கட்டணத்தைக் கேட்பது கடினம். வரவேற்பறையில் வாய்மொழியாகச் சொன்னதற்குச் சான்று இராது. எனவே விலக முடிவு செய்த நாளிலேயே, சேர்க்கை எண், செலுத்திய தொகை, விலகும் தேதி, கோரும் தொகை, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றுடன் மின்னஞ்சல் அனுப்பி, அதே கடிதத்தை விரைவு அஞ்சலிலும் அனுப்புவது நல்லது.

கட்டணத்தை நிதி நிறுவனக் கடன் மூலம் தவணையில் செலுத்துவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அந்தக் கடன் ஒப்பந்தம் தனியானது. வகுப்பை விட்டதும் தவணையை நிறுத்தினால் பாதிக்கப்படுவது கடன் பெற்றவரின் கடன் மதிப்பெண்ணே. விலகல் கடிதத்தின் நகலை நிதி நிறுவனத்துக்கும் அனுப்பி, கடனை முடித்துக்கொள்ளும் தொகையை எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதுவும் பலனளிக்காவிட்டால் மைசூரு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். மையத்தின் தலைமை அலுவலகம் பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே மனுத் தாக்கல் செய்யச் சட்டத்தின் 34ஆவது பிரிவு இடமளிக்கிறது. செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. படிவத்தின் நிபந்தனையையே செல்லாது என அறிவிக்கக் கோருவதற்கு மாநில ஆணையத்துக்குச் செல்ல வேண்டியிருப்பதால், மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என்ற அடிப்படையில் தொகையைக் கேட்பதே பொருத்தம். மனுவை e-jagriti.gov.in தளத்திலும் தாக்கல் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு.

இடையில் மையம் ஒரு பகுதித் தொகையைக் கொடுத்து, "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற ரசீதில் கையெழுத்துக் கேட்பது உண்டு. கையெழுத்திட்டால் மீதியைக் கேட்பது கடினமாகிவிடும்; பெற்ற தொகையை மட்டும் குறிப்பிட்டு, மீதிக் கோரிக்கை தொடர்வதாக அந்த ரசீதிலேயே எழுதிக் கொடுக்கலாம்.