எஸ்.எஸ்.டி. விவரக்குறிப்பு: கேச்சும் எழுதும் ஆயுளும்

எஸ்.எஸ்.டி. விவரக்குறிப்பு என்பது ஒரு சேமிப்பகத்தின் கொள்ளளவு, வேகம், கேச், எழுதும் ஆயுள், உத்தரவாதம் ஆகியவற்றைத் தயாரிப்பாளர் அறிவிக்கும் தாள். பெரிய விளையாட்டுத் தொகுப்பை வைத்திருப்பவர் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருக்கும் வேகத்தைவிட, தாளின் கீழ்ப்பகுதியில் உள்ள இரண்டு வரிகளையே முக்கியமாகப் படிக்க வேண்டும். ஒன்று, கேச் தீர்ந்தபின் எழுதும் வேகம். மற்றொன்று, மொத்தம் எழுதத்தக்க டெராபைட் அளவான டி.பி.டபிள்யூ.

தோற்றம்

தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா குழு 1987இல் நாண்ட் ஃபிளாஷ் நினைவகத்தை அறிமுகம் செய்தது. தொடக்கத்தில் ஒரு செல்லில் ஒரு பிட் மட்டுமே பதிக்கப்பட்டது. விலையைக் குறைப்பதற்காக அது இரண்டானது, பிறகு மூன்றானது. சாம்சங் 2012இல் வெளியிட்ட 840 வரிசை, செல்லுக்கு மூன்று பிட் வைக்கும் டி.எல்.சி. வகையை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தது. நான்கு பிட் வைக்கும் கியூ.எல்.சி. 2018இல் இன்டெல் 660பி போன்றவற்றின் வழியே பரவியது. பிட் கூடக் கூட, எழுதும் வேகமும் ஒரு செல் தாங்கும் எழுதும் தடவைகளும் குறைந்தன. தாளில் கேச், ஆயுள் என்னும் இரு வரிகளும் முக்கியமானது இந்த மாற்றத்தால்தான்.

கேச்

தாளில் கேச் என்ற சொல் இரு பொருளில் வரும். எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தை வைத்திருக்கும் டிராம் சில்லு ஒன்று. அது இல்லாத என்.வி.எம்.இ. வகைகள் பல, கணினியின் ராமிலிருந்து சிறு பகுதியைக் கடன் வாங்கிக்கொள்கின்றன. விளையாட்டைத் திறக்கும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை.

இரண்டாவது, எஸ்.எல்.சி. கேச். ஃபிளாஷின் ஒரு பகுதியில் செல்லுக்கு ஒரு பிட் மட்டும் எழுதி முதலில் வேகமாக வாங்கிக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது தரவை உரிய இடத்துக்கு மாற்றும் முறை இது. சாம்சங் 2013இல் 840 ஈவோவில் இதை டர்போரைட் என்ற பெயரில் தந்தது. பின்னர் வந்த பல வட்டுகளில் இந்தக் கேச்சின் பெரும்பகுதி காலி இடத்திலிருந்து எடுக்கப்படுவதால், வட்டு நிரம்ப நிரம்ப கேச் சுருங்கும்.

2020இல் வந்த சாம்சங் 870 கியூ.வி.ஓ. 1 டெராபைட் வட்டைப் பார்ப்போம். அதிகபட்ச கேச் 42 ஜி.பி.; அது தீர்ந்தபின் எழுதும் வேகம் நொடிக்கு 80 எம்.பி. பழைய எஸ்.எஸ்.டி.யிலிருந்து 500 ஜி.பி. விளையாட்டுகளை இதற்கு நகலெடுத்தால், முதல் 42 ஜி.பி. ஒன்றரை நிமிடத்தில் போய்விடும். மீதி 458 ஜி.பி.க்கு ஏறக்குறைய 95 நிமிடம் ஆகும். நகலெடுக்கும் வேகம் திடீரென்று சரிந்து அப்படியே நிற்பதுதான் கேச் தீர்ந்ததன் அடையாளம். நொடிக்கு 500 எம்.பி. வேகத்தில் தொடர்ந்து எழுதும் டி.எல்.சி. வட்டில் அதே வேலை 17 நிமிடத்தில் முடியும்.

ஆனால் திருநின்றவூரில் 100 மெகாபிட் ஃபைபர் இணைப்புள்ள ஒரு வீட்டில் கணக்கு வேறு. அந்த இணைப்பு நொடிக்கு 12.5 எம்.பி. மட்டுமே தரும். 150 ஜி.பி. விளையாட்டு இறங்க மூன்று மணி 20 நிமிடம் ஆகும். கேச் தீர்ந்த கியூ.எல்.சி. வட்டுகூட அதைவிட வேகமாக எழுதிவிடும். ஆகவே கேச் உறுத்துவது பழைய தொகுப்பை மொத்தமாக மாற்றும்போதும், பெரிய கோப்புகளைத் திருத்தி எழுதும் புதுப்பிப்புகளின்போதும்தான்.

எழுதும் ஆயுள்

ஜெடெக் அமைப்பு 2010இல் வெளியிட்ட ஜே.இ.எஸ்.டி. 218, 219 தரநிலைகள் ஆயுளை அளக்கப் பொது முறை வகுத்தன. மேற்சொன்ன கியூ.வி.ஓ. வட்டுக்கு 360 டி.பி.டபிள்யூ., மூன்றாண்டு உத்தரவாதம்; இரண்டில் எது முதலில் தீர்கிறதோ அதுவே எல்லை. வாரம் ஒரு 150 ஜி.பி. விளையாட்டை நிறுவினாலும் ஆண்டுக்கு 7.8 டெராபைட்தான் எழுதப்படும். அந்தக் கணக்கில் 360 டெராபைட் தீர 46 ஆண்டுகள் வேண்டும். விளையாடுவது பெரும்பாலும் படிக்கும் வேலை. அது இந்தக் கணக்கில் சேராது.

சென்னை ரிச்சி தெருவிலோ வேறிடத்திலோ பழைய வட்டு வாங்குவோருக்கு இந்த எண் உண்மையில் பயன்படும். லினக்ஸில் smartmontools இருந்தால், என்.வி.எம்.இ. வட்டுக்கு இந்தக் கட்டளை போதும்:

```
sudo smartctl -a /dev/nvme0
```

இதில் `Percentage Used` தேய்ந்த விழுக்காட்டைக் காட்டும். `Data Units Written` எண்ணை 5,12,000 பைட்டால் பெருக்க வேண்டும்: 4 கோடி என்றிருந்தால் சுமார் 20.5 டெராபைட் எழுதப்பட்டுள்ளது.

வெப்பமும் கவனிக்கத்தக்கது. ஆயுள் முடிந்த வீட்டுவகை வட்டு, மின்சாரமில்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதே தரநிலை. சென்னைக் கோடையின் வெப்பம் அதைவிட அதிகம். வெப்பம் கூடினால் அந்தக் காலம் குறையும். தேய்ந்த வட்டை அலமாரியில் போட்டு, விளையாட்டுச் சேமிப்புக் கோப்புகளுக்கு அதையே நம்பக் கூடாது.

தேர்வு

விளையாட்டுத் தொகுப்புக்கு டி.பி.டபிள்யூ. எண்ணைத் துரத்திக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. அந்தப் பணத்தைக் கொள்ளளவுக்குச் செலவிட்டு, ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடுவது கேச்சையும் காக்கும். அடிக்கடி வட்டுக்கு வட்டு மாற்றுபவர் மட்டும் டி.எல்.சி. வாங்கலாம். கேச் தீர்ந்தபின் உள்ள வேகத்தைத் தாளில் சொல்லாத வட்டை, சுயேச்சையான சோதனை முடிவைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.