சரளை தட்டிய பிறகு யார் பொறுப்பு? நூறு நாள் வேலையும் குடிமராமத்தும்

திருமயம் வட்டாரத்தில் கண்மாய் வெட்ட இறங்குகிறவர்களுக்கு மேல்மண் பெரிய சிக்கல் தராது. மண்வெட்டி சில அடி இறங்கியபின் சரளை தட்டும், சில இடங்களில் பாறையே தலைகாட்டும். கோட்டையும் குடைவரைகளும் கொண்ட ஊரின் நிலம் அப்படிப்பட்டது. மதிப்பீடு போட்டவர் சாதாரண மண் என்று எழுதியிருப்பார், குழிக்குள் இருப்பதோ சரளை. வேலையை நிறுத்துவதா, இடத்தை மாற்றுவதா, கூடுதல் பணம் கேட்பதா என்று யார் முடிவு செய்வது? ஒரு திட்டத்தில் பணம் கொடுப்பவர், நடத்துபவர், வேலை செய்பவர் ஆகிய மூவரின் அதிகாரம் எங்கே முடிகிறது என்பது இந்த மாதிரி நாளில்தான் வெளிப்படுகிறது. தமிழ்நாட்டுக் கண்மாய்களில் இரண்டு ஏற்பாடுகள் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. ஒன்று, 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடந்த நூறு நாள் வேலை. மற்றது, 2017-இல் தமிழக அரசு மீண்டும் தொடங்கிய குடிமராமத்து.

நூறு நாள் வேலையில் அதிகாரம் பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. எந்தக் கண்மாயை வெட்டுவது என்று கிராம சபை சொல்லும். பொறியாளர் தொழில்நுட்ப அனுமதி கொடுப்பார், நிர்வாக அனுமதி அதற்கு மேல் வரும். ஊராட்சி வேலையை நடத்தும். பணித்தளப் பொறுப்பாளர் வருகையைப் பதிவார், அளந்து கொடுப்பார், ஆனால் அளவுப் புத்தகத்தில் எழுத முடியாது. அதை எழுதும் ஓவர்சியரால் கூலி கொடுக்க முடியாது. கூலி, தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போய்விடும். ஒப்பந்தக்காரருக்குச் சட்டமே தடை போட்டிருந்தது. ஒருவர் கையில் எல்லாம் குவிந்தால் பணம் வேறு வழியில் போகும் என்ற அனுபவத்தில் பிறந்த ஏற்பாடு இது. அந்தப் பயம் நியாயமானது.

சரளை தட்டும் நாளில் இந்தப் பிரிவினையின் மறுபக்கம் தெரியும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 319 ரூபாய். 25 பேர் கொண்ட குழு 6 நாள் வேலை செய்தால் 150 ஆள்நாள், முழுக்கூலி 47,850 ரூபாய். சாதாரண மண்ணில் ஓர் ஆள் ஒரு நாளைக்கு ஒன்றரை கனமீட்டர் வெட்ட வேண்டும் என்று மதிப்பீடு சொல்வதாக வைத்துக்கொண்டால், குழு 225 கனமீட்டர் காட்ட வேண்டும். சரளையில் அவர்கள் வெட்டியது 150 கனமீட்டர்தான் என்றால், மண்வகையை மாற்றாமல் அளந்து எழுதும்போது கூலி 31,900 ரூபாயாகக் குறைகிறது. ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 213 ரூபாய். சரளைக்கு ஓர் ஆளுக்கு ஒரு கனமீட்டர் என்று மதிப்பீட்டில் இருந்திருந்தால், அதே 150 கனமீட்டருக்கு முழுக்கூலி வந்திருக்கும்.

குழுவில் யாரும் சோம்பேறித்தனம் காட்டவில்லை. மண்வகையை முடிவு செய்தவர்கள் அவர்கள் அல்ல. திருத்திய மதிப்பீடு கேட்கும் அதிகாரமும் அவர்களிடம் இல்லை. பணித்தளப் பொறுப்பாளருக்குச் சரளை கண்ணுக்குத் தெரிகிறது, எழுத உரிமை இல்லை. ஓவர்சியர் எழுதலாம், மதிப்பீட்டைத் தாண்ட முடியாது. தாண்ட அனுமதிக்கக்கூடிய பொறியாளர் அன்று வேறு ஊராட்சியில் இருப்பார். முடிவின் விலையைச் செலுத்துகிறவர்கள் முடிவெடுக்காத 25 பேர். திட்ட மேலாண்மையில் ஓர் அடிப்படை விதி உண்டு: நடத்துபவருக்கு இவ்வளவு விலகல் வரை உன் முடிவு, அதற்கு மேல் என்னிடம் வா என்று ஓர் எல்லை கொடுக்க வேண்டும். இங்கே அந்த எல்லை கிட்டத்தட்ட பூஜ்யமாகவே இருந்தது. தாமதமான கூலிக்கு ஈடு கேட்க அந்தச் சட்டத்தில் வழி இருந்தது. தவறான மதிப்பீட்டால் குறைந்த கூலியைக் கேட்டுப்பெற அதே அளவு நேரான வழி இல்லை.

குடிமராமத்தில் கதை தலைகீழ். 2017 மார்ச்சில் 1,519 வேலைகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கி அரசு அதைத் தொடங்கியது. ஆயக்கட்டு விவசாயிகள் பதிவு செய்த சங்கமாகச் சேர வேண்டும், மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும், வேலையையும் சங்கமே நடத்தும். டெண்டர் கிடையாது. பொறியாளர் மதிப்பீடு போடுவார், அளப்பார், பில்லுக்குக் கையெழுத்திடுவார். 8 லட்சம் ரூபாய் வேலை என்றால் விவசாயிகள் பங்கு 80,000.

பணத்தில் ஒரு பங்கு தருகிறவரும் நடத்துகிறவரும் பயன்பெறுகிறவரும் இங்கே ஒருவரே. சரளை தட்டினால் சங்கத்தார் கரையில் நின்றே பேசிவிடலாம்: இங்கே ஆழம் வேண்டாம், பொக்லைன் நேரத்தை வரத்துவாரிக்குத் திருப்பலாம், மடையைப் பழுதுபார்க்கலாம். நாளைக்குத் தண்ணீர் எந்த வயலுக்கு வராது என்பது அவர்களுக்குத் தெரியும். பொறியாளர் சம்மதித்து அளவுப் புத்தகத்தில் சரியாக எழுதினால் போதும். நிபுணர் அறிக்கையைவிட இந்த அறிவு பெரிது என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் அதன் பின்னால் ஒருவரின் அடுத்த போகம் நிற்கிறது.

ஆனால் எல்லோரும் ஒருவராக இருக்கும்போது கேள்வி கேட்க ஆள் இல்லாமல் போகிறது. சங்கம் பெயரளவுக்கு இருந்து, அதன் பின்னால் ஒரே ஒருவர் இயந்திரமும் பணமும் போட்டு வேலை எடுத்தால், மூன்று பாத்திரங்களும் அவருடையவை. அப்போது பத்தில் ஒரு பங்கு என்பது பில் தொகைக்குள்ளேயே தேறிவிடும் கணக்கு. இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. பங்குத் தொகை பல பட்டாதாரர்களின் சிறு ரசீதுகளாக இருக்கிறதா, ஒரே கையிலிருந்து ஒரே தொகையாக வந்ததா என்று பார்க்கலாம். உழைப்பாகத் தந்தோம் என்றால், எந்தெந்த நாள் எத்தனை பேர் என்ற பதிவு கேட்கலாம். வேலை முடிந்தபின் அகழ்ந்த மண் கரையில் ஏறியிருக்கிறதா என்பதைக் கண்மாயே சொல்லிவிடும்.

அப்படியானால் எது மேல்? கூலியை நம்பி வருகிற நிலமற்றவருக்குக் குடிமராமத்தில் இடமே குறைவு. நூறு நாள் வேலையில் ஆயக்கட்டு விவசாயிக்குச் சொல்லும் உரிமை குறைவாக இருந்தது, கிராம சபையில் கை தூக்குவதோடு முடிந்துவிட்டது. ஆனால் இரண்டிலும் ஒரே இடம் காலியாக இருக்கிறது. பணி நிறைவுச் சான்று எழுதப்பட்டபின், அடுத்த மழையில் மடை கசிந்தால் யாரைக் கேட்பது? ஓவர்சியர் அளவுக்குப் பொறுப்பு, ஊராட்சி செலவுக்குப் பொறுப்பு, சங்கம் வேலைக்குப் பொறுப்பு. தண்ணீர் வந்து சேர்ந்ததா என்பதற்கு ஒருவர் பெயரும் எந்தக் கோப்பிலும் இல்லை. திட்டத்தின் உண்மையான புரவலர் என்பவர் பணம் அனுப்புகிறவர் அல்லர், கோப்பில் இல்லாத அந்தப் பெயருக்கு உரியவர்.

கூலி வேலைத் திட்டத்தில் புதிய விதி எழுதாமலேயே ஒரு திருத்தம் சாத்தியம். சரளை தட்டிய அதே நாளில், வருகைப் பட்டியல் மூடப்படும் முன், பணித்தளப் பொறுப்பாளர் இன்ன இடத்தில் இன்ன ஆழத்தில் மண் மாறியது என்று ஒரு வரி எழுதி, ஊராட்சி செயலரிடம் கொடுத்து நகல் பெறட்டும். குழியை அப்படியே திறந்து வைத்து ஓவர்சியரிடம் இரண்டு மண்ணையும் தனித்தனியாக அளக்கச் சொல்லட்டும். மேலே அனுமதி தாமதமானாலும், குழு வெட்டியது என்ன என்பதற்குச் சான்று கோப்பில் நிற்கும். சமூகத் தணிக்கைக்காகக் கூடும் கிராம சபையில் அந்த நகலைப் படிக்கச் சொல்லி எவரும் கேட்கலாம்.