ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடிய ஸ்கிரிப்ட்டும் பத்து நாள் பழைய பட்டியலும்

"போன வாரமே ஊசி போட்டாச்சு மேடம், அதே ஊசிக்கு திரும்பக் கூப்பிடுறீங்களே?"

ஒரு சிறிய ஊரில் இருக்கும் குழந்தைகள் கிளினிக்கின் ரிசப்ஷனுக்கு ஓர் அம்மா போன் செய்து இப்படிக் கேட்டார். அன்று மதியமே இன்னொருவர் நேரில் வந்தார். அவருடைய குழந்தைக்கு 10-வது வாரத் தடுப்பூசித் தேதி நான்கு நாள்களுக்கு முன்பே போயிருந்தது. "போன தடவை நீங்களே போன் பண்ணி ஞாபகப்படுத்துனீங்க. இந்த முறை கூப்பிடவே இல்லையே" என்றார். ஒருவருக்குத் தேவையில்லாத அழைப்பு, இன்னொருவருக்கு வர வேண்டிய அழைப்பு வரவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அது ரிசப்ஷன் மேஜைக்குக் கீழே, வைஃபை ரவுட்டருக்குப் பக்கத்தில், சோப்பு டப்பா சைஸில் உட்கார்ந்திருந்தது.

வீட்டில் சும்மா கிடந்த ராஸ்பெர்ரி பை அது. டாக்டரின் அக்கா மகன் கல்லூரி லீவில் வந்தபோது, "மாமா, இதை வெச்சு தினமும் லிஸ்ட் எடுக்கலாம்" என்று மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். யோசனை நல்ல யோசனைதான். கிளினிக் மென்பொருளில் பதிவு சேமிக்கும்போதெல்லாம், ரிசப்ஷன் கணினியின் ஷேர்டு ஃபோல்டரில் `list.csv` என்ற கோப்பு புதுப்பிக்கப்படும். பை தினமும் இரவு அதைக் காப்பி எடுத்து, அடுத்த மூன்று நாள்களில் தடுப்பூசி போட வேண்டிய குழந்தைகளை மட்டும் பிரித்து, ஒரு வெப் பக்கமாக எழுதிவைக்கும். காலையில் ரிசப்ஷன் அக்கா மொபைலில் அந்தப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொருவராக போன் செய்வார். ஆறு, பத்து, பதினான்கு வாரம், ஒன்பது மாதம் என்று வரிசையாகத் தேதி வரும் ஊசிகளில், இந்த ஞாபகப்படுத்தல் பெற்றோருக்கு எவ்வளவு உதவும் என்று சொல்ல வேண்டியதில்லை. தேதி தவறினால் போட்ட ஊசி வீணாகாது, விட்டதிலிருந்து தொடரலாம். ஆனால், அந்த இடைவெளியில் குழந்தைக்குப் பாதுகாப்பு குறைவு.

நான்கு மாதங்கள் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் மழைக்காலம் வந்தது. "இடி இடிக்குது, கம்ப்யூட்டரை ஆன்ல விட்டுட்டுப் போகாதீங்க" என்று யாரோ சொல்ல, ரிசப்ஷன் அக்கா தினமும் இரவு ஒன்பதரைக்குக் கணினியை அணைக்க ஆரம்பித்தார். அவர் செய்தது சரிதான். ஆனால், ஸ்கிரிப்ட் ஓடுவது நள்ளிரவு 2 மணிக்கு. அந்த நேரத்தில் எதிர்முனையில் ஆளே இல்லை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. காப்பி எடுக்கும் வரி தோற்றது, ஆனால் ஸ்கிரிப்ட் நிற்கவில்லை. பாஷ் ஸ்கிரிப்ட்டின் இயல்பே அதுதான். ஒரு வரி தோற்றாலும், நாம் நிற்கச் சொல்லாதவரை அடுத்த வரிக்குப் போய்விடும். அடுத்த வரி, பையில் ஏற்கெனவே இருந்த பழைய கோப்பை எடுத்துப் புதுப் பக்கம் தயாரித்தது. பக்கத்தின் தலைப்பில் அன்றைய தேதியையும் போட்டது. தேதியை `date` கட்டளையிலிருந்து எடுத்ததால் வந்த வினை அது. அதாவது, ஸ்கிரிப்ட் ஓடிய தேதிதான் தலைப்பில் வந்தது, தகவலின் தேதி வரவில்லை. பார்ப்பவருக்குத் தலைப்பில் இன்றைய தேதி, கீழே ஒழுங்கான பட்டியல். சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. கடந்த பத்து நாள்களில் முதல் ஊசி போட்டு அடுத்த தேதி பதிவான குழந்தைகள் யாரும் அதில் இல்லை. வெளியூருக்குப் போகிறோம் என்று முன்கூட்டியே வந்து ஊசி போட்டுக்கொண்டவர்கள் அதில் அப்படியே இருந்தார்கள்.

பக்கம் வெறுமையாக வந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். என்னைக் கேட்டால், இந்த மாதிரி குட்டி ஏற்பாடுகளில் நின்றுபோவதைவிட ஆபத்தானது, ஓடுவதுபோல் நடிப்பது.

பிழைச் செய்தி எங்கேயும் வரவில்லையா? வந்தது. இரவு வேலைகளை ஓட்டும் க்ரான், பிழை வந்தால் அதை மெயிலாக அனுப்பப் பார்க்கும். பையில் மெயில் அனுப்பும் வசதி எதுவும் நிறுவப்படவில்லை. அதனால் லாகில் `No MTA installed, discarding output` என்று ஒரு வரி எழுதிவிட்டுச் செய்தியைத் தூக்கிப்போட்டுவிட்டது. பத்து நாளும் அதே வரி. படிக்கத்தான் ஆள் இல்லை.

சரிசெய்யும்போது முதலில் மாற்றியது நேரத்தை. நள்ளிரவு 2 மணி என்பது பெரிய நிறுவனங்களின் சர்வர் பழக்கம். அங்கே கணினிகள் அணைவதே இல்லை. ஒரு கிளினிக்கில் சரியான நேரம், கடைசி நோயாளி போன பிறகு, கணினி அணைவதற்கு முன்பு. இங்கே அது இரவு 9.10.

நேரத்தை எழுதும்போது இரண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று, க்ரானில் `0 2 * * *` என்பதற்குப் பதில் `* 2 * * *` என்று எழுதிவிடுவது. முதலாவது 2 மணிக்கு ஒரு தடவை ஓடும். இரண்டாவது 2 மணியிலிருந்து 2.59 வரை நிமிடத்துக்கு ஒரு முறை, மொத்தம் அறுபது தடவை ஓடும். இன்னொன்று நேர மண்டலம். பையில் யு.டி.சி என்று இருந்தால், நீங்கள் 21:10 என்று எழுதுவது நம்மூர் நேரத்தில் விடியற்காலை 2.40. சுற்றி வந்து அதே குழியில் விழுவோம். `timedatectl` என்று தட்டினால் இப்போது என்ன மண்டலம் என்று காட்டும். `sudo timedatectl set-timezone Asia/Kolkata` கொடுத்தால் மாறிவிடும். அதன் பிறகு ஒரு முறை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.

அடுத்து ஸ்கிரிப்ட். இப்போது அது இப்படி இருக்கிறது:

```
#!/bin/bash
set -e
W=/home/clinic/work
cp -p /mnt/clinic/list.csv $W/new.csv
test -n "$(find $W/new.csv -mmin -960)"
new=$(wc -l < $W/new.csv)
old=$(wc -l < $W/good.csv)
test $new -ge $((old * 9 / 10))
/home/clinic/make_page $W/new.csv > $W/page.tmp
mv $W/page.tmp /home/clinic/www/index.html
mv $W/new.csv $W/good.csv
```

பயப்பட வேண்டாம், சொல்வது எளிமையான விஷயம்தான். `set -e` என்றால் ஏதாவது ஒரு வரி தோற்றால் அங்கேயே நில் என்று அர்த்தம். `cp -p` காப்பி எடுக்கும்போது கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரத்தையும் சேர்த்து எடுத்துவரும். அந்த நேரம் 960 நிமிடங்களுக்கு, அதாவது 16 மணி நேரத்துக்கு மேல் பழையதாக இருந்தால் அடுத்த வரி ஸ்கிரிப்ட்டை நிறுத்திவிடும். ஞாயிறு கிளினிக் விடுமுறை, அதனால் அன்று ஸ்கிரிப்ட்டுக்கும் விடுமுறை.

அடுத்த மூன்று வரிகள் தலை எண்ணும் வேலை. மென்பொருள் கோப்பை எழுதிக்கொண்டிருக்கும் அதே நொடியில் நாம் காப்பி எடுத்தால், பாதிக் கோப்புதான் வரும். நேற்று 1,800 வரி இருந்த கோப்பில் இன்று 300 வரி என்றால் குழந்தைகள் காணாமல் போகவில்லை, கோப்பில்தான் கோளாறு. நேற்றைய எண்ணிக்கையில் பத்தில் ஒன்பது பங்காவது இல்லையென்றால் ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பைத் தொடாது. ஒப்பிடுவதற்கு முதல் நாள் மட்டும் ஒரு நல்ல காப்பியை `good.csv` என்ற பெயரில் நாமே வைத்துவிட வேண்டும்.

புதுப் பக்கத்தையும் நேராகப் பழையதன் மேல் எழுதுவதில்லை. `page.tmp` என்று தனியாக முழுவதும் எழுதி முடித்த பிறகுதான் `mv` மூலம் பெயர் மாற்றுகிறது. இரண்டும் ஒரே கார்டில் இருப்பதால் மாற்றம் ஒரே எட்டில் நடக்கும். திறப்பவருக்கு முழுப் பழைய பக்கமோ முழுப் புதுப் பக்கமோதான் கிடைக்கும், பாதி வெந்தது கிடைக்காது.

ஸ்கிரிப்ட் நின்றால் அக்காவுக்கு எப்படித் தெரியும்? பக்கத்தின் தலைப்பைப் பார்த்து. இப்போது அங்கே ஸ்கிரிப்ட் ஓடிய தேதி இல்லை. `date -r` கட்டளை மூலம் கோப்பு சேமிக்கப்பட்ட நேரத்தை எடுத்து, 'இந்தத் தகவல் எப்போதையது' என்று பெரிய எழுத்தில் போடுகிறது. ஸ்கிரிப்ட் நின்றுபோனால் பழைய பக்கம் பழைய தேதியோடு அப்படியே நிற்கும். அலாரம் ஆப், மெயில் என்று அடுத்த கட்டத்துக்குப் போகலாம்தான். ஆனால், தினமும் காலை அந்தப் பக்கத்தைத் திறக்கும் ஒருவர் இருக்கும்போது, அவர் கண்ணில் படும் இடத்தில் எழுதிவைப்பதே போதும் என்பது என் கருத்து.

மின்வெட்டுக் கதையும் உண்டு. 9.10-க்கு கரன்ட் இல்லையென்றால் க்ரான் அந்த வேலையை மறந்துவிடும், கரன்ட் வந்ததும் ஈடுகட்டாது. அதனால் இங்கே க்ரானை விட்டுவிட்டு சிஸ்டம்டி டைமருக்கு மாறியிருக்கிறார்கள்:

```
[Timer]
OnCalendar=Mon..Sat 21:10
Persistent=true
```

கடைசி வரி இருந்தால், தவறிய வேலையை பை மறுபடி எழுந்ததும் ஓட்டும். அந்த நேரத்தில் ரிசப்ஷன் கணினி ஆனில் இல்லையென்றால் அதுவும் தோற்கும். ஆனால், பழைய தேதி காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். ராஸ்பெர்ரி பை 4 வரையிலான மாடல்களில், அணைந்திருக்கும்போது நேரம் பார்க்கும் கடிகாரம் கிடையாது. பை 5-ல் கடிகாரம் உண்டு, பேட்டரி தனியாக வாங்கி மாட்ட வேண்டும். கரன்ட் போய் வந்தால் பழைய மாடல்கள், கடைசியாக ஞாபகம் இருக்கும் நேரத்திலிருந்து எழுந்து, இன்டர்நெட் கிடைத்த பிறகே மணியைத் திருத்திக்கொள்ளும். ரவுட்டர் எழுந்திருக்க இரண்டு நிமிடம் ஆகுமே, அதுவரை பை வாழ்வது பழைய நேரத்தில். ரவுட்டரையும் பையையும் ஒரே இன்வெர்ட்டர் லைனில் மாட்டினால் பாதிப் பிரச்னை போய்விடும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போய் மெமரி கார்டு கெடும் வாய்ப்பும் குறையும். பைக்குப் பதில் பழைய மினி பி.சி வைத்திருப்பவர்களுக்கு மதர்போர்டிலேயே பட்டன் பேட்டரி இருக்கும், அது தீராதவரை கடிகாரக் கவலை இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு கண்டுபிடித்ததுதான் எனக்குத் திக்கென்று இருந்தது. காத்திருப்பவர்களுக்காக சுவரில் வைஃபை பாஸ்வேர்டு ஒட்டியிருந்தார்கள். பையும் அதே வைஃபையில்தான். முகவரி தெரிந்தால் யார் வேண்டுமானாலும், குழந்தைகளின் பெயர், பிறந்த தேதி, அம்மாவின் போன் நம்பர் எல்லாம் இருக்கும் அந்தப் பக்கத்தைத் திறக்கலாம். இந்தத் தகவல்களுக்கு கிளினிக்தான் பொறுப்பு. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் வந்துவிட்ட காலம் இது. இப்போது ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க்கைப் பிரித்து, சுவரில் அந்த பாஸ்வேர்டை மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்துக்கும் தனி பாஸ்வேர்டு போட்டாயிற்று.

கெட்டுப்போனதால் முன்பு மாற்றிய மெமரி கார்டு எங்கே என்று கேட்டேன். அக்கா டிராயரைத் திறந்து காட்டினார். ஸ்டேப்ளர் பின்களுக்கு நடுவில் கிடந்தது, பழைய பட்டியல்களோடு. அங்கேயே கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினோம்.