கறுத்த இடியப்பப் பானையைக் குழி விழாமல் வெளுக்கச் செய்வது எப்படி?

லண்டனில் புட்டும் இடியப்பமும் அவிக்கிற வீடுகளில் அலுமினியப் பானையின் உட்புறம், தண்ணீர் நிற்கும் மட்டம் வரை கறுத்துப் போயிருப்பதைக் காணலாம். மேலே பானை பளிச்சென்றிருக்கும், கீழே கரிபோல இருக்கும். அதில் கறி காய்ச்சவில்லை, வெறும் தண்ணீர்தான் கொதித்தது. பிறகு எப்படிக் கறுத்தது?

காரணம் தண்ணீர்தான். லண்டனின் குழாய்நீரில் சுண்ணப்பாறையின் உப்புகள் கரைந்திருக்கின்றன. எங்கள் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரும் அப்படித்தான். இத்தகைய வன்நீர் கொதிக்கும்போது காரத்தன்மை கூடுகிறது. அலுமினியத்தின் மேல் இயல்பாகவே உள்ள மெல்லிய ஒட்சைட்டுப் படலம் அந்தக் காரத்தில் தடித்து, நீரிலுள்ள இரும்பு போன்றவற்றையும் பிடித்துக்கொண்டு கறுக்கிறது. ஆகவே இது அழுக்கும் அல்ல, கறளும் அல்ல. உடம்புக்குக் கெடுதலும் இல்லை. அடியில் வெள்ளையாகப் படிவது வேறு, அது சுண்ணாம்பு.

காரத்தால் வந்த கறுப்பை மென்மையான புளிப்புத்தான் எடுக்கும். அப்பச்சோடா, சலவைச்சோடா, ஒவன் துப்புரவாக்கும் திரவம், பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் வில்லை எல்லாமே காரமானவை. அவை கறுப்பைக் கூட்டும், கடுமையானவை உலோகத்தையே அரித்துவிடும். பிளீச் அதைவிட மோசம். அதில் உள்ள குளோரின் படலத்தை அங்கங்கே துளைக்க, அந்த இடங்களில் குழி விழும். பிளீச்சையும் வினாகிரியையும் ஒருபோதும் கலக்கக்கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

தேசிக்காயில் உப்பைத் தொட்டுத் தேய்க்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. பித்தளைக்கு அது நல்லது, அலுமினியத்துக்கு ஆகாது. புளிப்புப் படலத்தைக் கரைக்க, உப்பு அந்த இடத்தைக் குத்திக் குழியாக்கும். பழப்புளியிலும் கவனம் வேண்டும். அதில் உள்ள டாட்டாரிக் அமிலம் இந்த வேலைக்கு ஏற்றதுதான், ஆனால் உப்புப் போட்டு வைத்த பழப்புளியாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஐந்து லீற்றர் பானை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கறுப்பு இரண்டரை லீற்றர் மட்டம் வரை இருக்கிறது. முதலில் அடியில் வெள்ளைப் படிவு உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் சிறிது வெள்ளை வினாகிரியை விட்டுச் சூடாக்கினால் நுரைத்துக் கரையும். நுரை நின்றதும் ஊற்றிக் கழுவுங்கள். இதைச் செய்யாவிட்டால் அடுத்து விடும் புளிப்பைச் சுண்ணாம்பே தின்றுவிடும், கறுப்பு அப்படியே நிற்கும்.

பிறகு கறுப்பு முழுதும் மூழ்கும்படி மூன்று லீற்றர் தண்ணீர் விட்டு, லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் ஆறு மேசைக்கரண்டி கிறீம் ஒஃப் டாட்டர் கரையுங்கள். கேக் செய்யும் பொருட்களுக்குப் பக்கத்தில் கடைகளில் கிடைக்கும். இல்லாவிட்டால் அதே அளவு தேசிக்காய்ச் சாறு அல்லது வினாகிரி விடலாம். கொதி வந்தபின் மெல்லிய நெருப்பில் பத்து நிமிடம் விடுங்கள். கறுப்பு வெளிறுவது கண்ணுக்குத் தெரியும். ஆறியதும் ஊற்றி, மென்மையான ஸ்பொஞ்சால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடனே துடைத்து உலர்த்துங்கள். மிச்சம் இருந்தால் புதிய கரைசலில் இன்னொரு தடவை செய்யலாம். புளிப்பை இரவு முழுக்க ஊறவிடக்கூடாது. கரடான கம்பித்தும்பால் தேய்த்தால் கீறல் விழும், கீறலில் உப்பும் ஈரமும் தங்கும்.

இந்த முறை வெறும் அலுமினியத்துக்கு மட்டுமே. ஒட்டாத பூச்சுள்ளவற்றுக்கும், கருஞ்சாம்பல் நிறத்தில் கடினப்படுத்திய பாத்திரங்களுக்கும் வேண்டாம்.

குழி விழுந்திருக்கிறதா என்று அறிய, காய்ந்த பானையின் உட்புறத்தை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்து நகத்தால் தடவுங்கள். வெறும் கறுப்பில் நகம் வழுக்கிப் போகும். குழியில் தடக்கும், சில வேளை வெண்சாம்பல் தூளும் வரும். விழுந்த குழியை எந்தப் புளிப்பும் நிரப்பாது. தண்ணீர் நிரப்பிக் காய்ந்த கடதாசியில் ஓரிரவு வைத்துப் பாருங்கள். கடதாசி நனைந்தால் பானையின் காலம் முடிந்தது.

வெளுத்த பானை வன்நீரில் மறுபடியும் கறுக்கும். அடிக்கடி வெளுக்க வைத்தால் ஒவ்வொரு தடவையும் உலோகம் கொஞ்சம் கரையும். அதைவிட, அவிக்கும்போதே பிழிந்த தேசிக்காய்த் தோல் ஒன்றைத் தண்ணீரில் போட்டுவிடுங்கள், கறுப்பு பிடிப்பது வெகுவாகக் குறையும். தண்ணீர் வற்றுவதைச் சத்தத்தால் அறிய நாணயம் போடுகிறவர்கள் 1 பென்ஸ், 2 பென்ஸ் நாணயங்களைத் தவிர்க்க வேண்டும். அவற்றின் செம்பு அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டு தண்ணீரில் கிடந்தால் அந்த இடம் அரிக்கும். அவித்து முடிந்ததும் மிஞ்சிய தண்ணீரைப் பானையில் விட்டுவைக்காமல் ஊற்றிவிடுங்கள்.