சிறு வணிகரின் பணம்: கூட்டுறவு வங்கியா, பெரிய வங்கியா?

கூட்டுறவு வங்கியானாலும் பெரிய வணிக வங்கியானாலும், ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் வைப்புக் காப்பீடு உண்டு. தனிநபர் கடையின் நடப்புக் கணக்கும் உரிமையாளரின் சேமிப்பும் சேர்த்தே கணக்கிடப்படும். கடைக் கணக்கில் 4 லட்சமும் சேமிப்பில் 3 லட்சமும் ஒரே வங்கியில் இருந்தால், 2 லட்சத்திற்குப் பாதுகாப்பில்லை. தொடக்கக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு இக்காப்பீடே கிடையாது.

2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, முதலில் 1,000 ரூபாய் மட்டுமே எடுக்க முடிந்தது. எனவே சரக்குப் பணத்தைப் பெரிய வங்கியின் வட்டியில்லா நடப்புக் கணக்கிலும், சேமிப்பை வேறு வங்கியிலும் பிரித்து வைப்பதே நமக்கு ஏற்றதாகத் தெரிகிறது.

கேஷ் கிரெடிட் எங்கு வாங்கினாலும் வட்டிதான். மொத்த வியாபாரியிடம் தவணைச் சரக்கு, பைத்துல்மாலின் அழகிய கடன் ஆகியவற்றையே முதலில் நாடுவோம்.