அம்மாவுக்கு ஏன் கூப்பன் வரலை?

போன மாசம் ஒரு துணிக்கடையிலேர்ந்து எனக்கு 300 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன் வந்தது. நான் அந்தக் கடைப் படி ஏறி ஒன்றரை வருஷமாச்சு. மாசாமாசம் அங்கேயே வாங்குற அம்மாவுக்கு ஒண்ணும் வரலை. "ஒழுங்கா வாங்குறவளுக்கு ஒண்ணும் கிடையாதாடா?"ன்னு கேட்டாங்க. பதிலைத் தேடிப் போனா, கதை அமெரிக்காவோட தபால் வியாபாரத்துல போய் நிக்குது.

1872ல் சிகாகோவில் மாண்ட்கோமரி வார்டு ஒற்றைத் தாளில் விலைப்பட்டியல் அச்சடிச்சு கிராமத்து மக்களுக்கு அனுப்பினார். பின்னாடி வந்த சியர்ஸ் காலத்துல அது தடிப் புத்தகமாயிடுச்சு. காகிதம், அச்சு, தபால் செலவெல்லாம் கம்பெனி தலையில். அதனால 'யாருக்கு அனுப்பணும்' என்பதைவிட 'யாருக்கு அனுப்பக் கூடாது' என்பதுதான் பெரிய கேள்வி.

அதுக்கு அவங்க பார்த்தது மூணு விஷயம். கடைசியா எப்ப வாங்கினார், எத்தனை தடவை வாங்கினார், மொத்தம் எவ்வளவு செலவழிச்சார். இந்த முறையோட சேர்த்துச் சொல்லப்படுற பேர் ஜார்ஜ் கல்லினன். 1977ல் வந்த அவரோட கையேட்டின் தலைப்பிலேயே 'பேட்டிங் சராசரி' வரும். (நம்ம கிரிக்கெட் இல்லீங்க, அவங்க பேஸ்பால்!) மூணுல முதலிடம் 'எப்ப' என்பதுக்குத்தான். மூணு வருஷம் முன்னாடி ஒரே தடவை பெருசா வாங்கினவர் வீடே மாத்தியிருக்கலாம். போன மாசம் சின்னதா வாங்கினவர் அதே விலாசத்துல, அதே ஆசையோட இருப்பார்.

கணக்கு எளிசு. ஒரு புத்தகம் அனுப்ப 1 டாலர், ஒரு ஆர்டரில் லாபம் 25 டாலர்னு வைங்க. 100 பேருக்கு அனுப்பினா 4 பேராவது வாங்கணும். அதுக்குக் கீழே போற கூட்டத்துக்கு அனுப்பினா நஷ்டம்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஆட்களை அஞ்சு சம பங்காப் பிரிச்சா 125 கட்டம் வரும். 1990களில் ஆர்தர் ஹியூஸ் புத்தகம் எழுதிப் பரப்பினது இந்த வழியைத்தான். சின்னக் கடைக்காரங்க இதை அப்படியே எடுத்துக்கிட்டா வம்பு. 10,000 வாடிக்கையாளர் இருந்தா கட்டத்துக்கு 80 பேர்தான். அதுல 2 பேர் வாங்கினாங்களா 4 பேர் வாங்கினாங்களா என்பது வெறும் அதிர்ஷ்டமாவும் இருக்கலாம். அதை நம்பி ஒரு கட்டத்தையே வெட்டினா நல்ல ஆளும் போயிடுவார். அனுப்பாததால அவர் வாங்க மாட்டார், வாங்காததால இன்னும் கீழே இறங்குவார். ஒரு தடவை சறுக்கினா ஏறவே முடியாது.

அம்மா இருக்கிறது உச்சிக் கட்டத்துல. கூப்பன் இல்லாமலே வாங்குவாங்க. அவங்களுக்குத் தள்ளுபடி குடுத்தா கடைக்கு 300 ரூபாய் தண்டம். புது சரக்கு வந்த சேதியை முதல்ல சொன்னாலே போதும். அதைக்கூட அந்தக் கடை செய்யலை என்பது வேற விஷயம். நான் ஒரு காலத்துல நல்லா வாங்கி, அப்புறம் காணாமப் போனவன். தூண்டில் எனக்குத்தான்.

விளக்கினேன். "அப்ப நானும் ஒன்றரை வருஷம் போகாம இருக்கணுமா?"ன்னாங்க. கடைசியில என் கூப்பன்லேயே அம்மாவுக்குப் புடவை எடுத்தோம். பில் என் நம்பர்ல. ஆக, நான் இப்ப 'சமீபத்தில் வாங்கினவன்'. அடுத்த கூப்பன் எனக்கும் வராது.